அரபுப் பேருரையை எந்தத் தமிழில் சொல்வது?

அரபு மொழியில் நிகழ்த்தப்படும் பேருரையை மேடையில் நின்று தமிழில் எடுத்துச் சொல்ல முன்வருபவர், தம் முதல் வாக்கியத்திலேயே ஒரு முடிவை எடுத்துவிடுகிறார். ‘கூறுகிறார்கள்’ என்று தொடங்குவதா, ‘சொல்றாங்க’ என்று தொடங்குவதா என்பதே அந்த முடிவு. பெரும்பாலும் அவர் அதைச் சிந்தித்து எடுப்பதில்லை. நாவில் எது வருகிறதோ அதுவே அன்றைய மொழியாகிவிடுகிறது.

இக்கேள்வி இப்போது முன்னைவிட அடிக்கடி எழுகிறது. அரபுக் கல்லூரிகளின் பட்டமளிப்பு விழாக்களுக்கு அரபு நாட்டு அறிஞர்கள் வருகின்றனர். ஹஜ்ஜின்போது நமிரா பள்ளிவாசலில் நிகழ்த்தப்படும் அரஃபாப் பேருரையின் நேரடி மொழிபெயர்ப்பு அண்மை ஆண்டுகளில் தமிழிலும் வழங்கப்படுகிறது. இளம் ஆலிம்கள் சிலர், “மக்கள் பேசும் மொழியிலேயே சொல்லிவிட்டால் என்ன? எழுத்துத் தமிழ் செயற்கையாக இருக்கிறதே” என்கின்றனர். மூத்தவர்கள் சிலரோ, மேடை ஏறிவிட்டால் யாரும் அன்றாடம் பேசாத ஒரு தமிழைப் பொழிந்துவிட்டு இறங்குகின்றனர். இவ்விரு சாராரும் ஒரே தவற்றின் இரு கரைகளில் நிற்கின்றனர் என்பது நம் கருத்து.

முதலில் அரபு மொழியின் நிலையைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபெர்குசன் என்னும் அமெரிக்க மொழியியலாளர், ஒரே சமூகம் ஒரே மொழியின் இரு வடிவங்களை வெவ்வேறு பணிகளுக்குப் பயன்படுத்தும் நிலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நான்கு முதன்மைச் சான்றுகளுள் அரபும் ஒன்று. இந்நிலையை நம் மொழியியலாளர்கள் ‘இரட்டை வழக்கு’ என்பர். வளைகுடாவில் வேலை பார்த்த நம் சகோதரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மதரஸாவில் ‘மாதா துரீது’ என்று கற்றுக்கொண்டு போனவர், எகிப்தியரிடம் ‘ஆயிஸ் ஏ’ என்பதையும் சிரியாக்காரரிடம் ‘ஷூ பித்தக்’ என்பதையும் கேட்டுத் திகைத்திருப்பார். மூன்றுக்கும் பொருள் ஒன்றே: ‘உனக்கு என்ன வேண்டும்?’

ஆனால் அந்த எகிப்தியரும் சிரியரும் வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறினால் இருவரும் ‘ஃபுஸ்ஹா’ எனப்படும் செவ்வியல் அரபுக்கு மாறிவிடுகின்றனர். ஃபுஸ்ஹா எவருடைய வீட்டு மொழியும் அன்று. தாயின் மடியில் எந்தக் குழந்தையும் அதைக் கற்பதில்லை. இருந்தும் மொராக்கோவிலிருந்து ஓமன் வரை அதைக் கேட்டுப் புரிந்துகொள்கின்றனர். எவருக்கும் சொந்த வட்டார மொழியாக இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதுதான் அதன் வலிமை. அரஃபா உரை இந்த மொழியில்தான் நிகழ்கிறது. எனவே மொழிபெயர்ப்பாளரின் கையில் வந்து சேர்வது பேச்சு என்றாலும், அது வீட்டுப் பேச்சன்று. முறைமை உடைய ஒரு பேச்சு.

தமிழும் இதே அமைப்புடைய மொழிதான். ‘அவர்கள் சொல்கிறார்கள்’ என்பதை நாம் எழுதுவது ஒரே விதமாக. பேசுவதோ ஊருக்கு ஒரு விதமாக. பலருக்கு அது ‘சொல்றாங்க’. நெல்லைப் பகுதியில் ‘சொல்லுதாங்க’. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் ‘சொல்றாக’. யாழ்ப்பாணத்தில் ‘சொல்லினம்’. நம் சமூகத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், தந்தையைக் காயல்பட்டினத்திலும் குமரியிலும் இலங்கையிலும் ‘வாப்பா’ என்பர். மதுரை, திருச்சி வட்டாரங்களில் ‘அத்தா’ என்பர். அரஃபா உரையின் தமிழைக் கேட்பவர்களோ இவர்கள் அனைவரும்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ் முஸ்லிம்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் எந்த ஊரின் பேச்சைத் தேர்ந்தெடுத்தாலும், மற்ற ஊராரின் காதில் விழுவது செய்திக்கு முன் அவருடைய ஊராகவே இருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பேச்சுத் தமிழிலும் ஒரு பொது வடிவம் உருவாகிவிட்டது என்பதே அது. திரைப்படம், வானொலி நாடகம், தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியே பரவிய அந்தப் பேச்சு எந்தச் சாதிக்கும் ஊருக்கும் முழுமையாக உரியது அன்று, எல்லாருக்கும் விளங்குகிறது. தமிழைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஹெரால்டு ஷிஃப்மன் 1999ஆம் ஆண்டில் பேச்சுத் தமிழுக்கென்றே ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அத்தகைய பொதுப் பேச்சு வடிவமே அவருடைய ஆய்வுப் பொருள். ஆகவே, ‘பேச்சுத் தமிழில் சொன்னால் பிற ஊராருக்குப் புரியாது’ என்று நாம் வாதிடப் போவதில்லை. புரியும். பயானில், மாணவர்களுக்கான பாடத்தில், பெண்களுக்கான வாராந்திர வகுப்பில் நாமும் பேச்சுத் தமிழில்தான் பேசுகிறோம். ‘தயம்மும்’ செய்யும் முறையை எழுத்துத் தமிழில் விளக்கினால் பத்து வயதுப் பிள்ளை தூங்கிவிடும். ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பப்பட்டார்கள் என்னும் கருத்துடைய இறைவசனத்தை (14:4) இளம் ஆலிம்கள் நமக்கு நினைவூட்டுவதும் சரியே. எனினும் நம் சமூகத்தாரின் மொழியில் இரு வழக்குகளும் அடங்கும். எந்தப் பணிக்கு எது என்பதையும் அந்தச் சமூகமே வகுத்து வைத்திருக்கிறது.

அதற்குச் சான்று வேண்டுமாயின், முழுக்கப் பேச்சுத் தமிழில் பயான் செய்யும் ஒருவரை உற்றுக் கேளுங்கள். கதை சொல்லும்போது ‘போனாங்க, வந்தாங்க’ என்பார். சிரிக்க வைப்பார். ஆனால் துஆவுக்கு வந்தவுடன், ‘அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக’ என்று மாறிவிடுவார். ‘புரிவானாக’ என்னும் அந்த வியங்கோள் வடிவம் பேச்சுத் தமிழில் இல்லவே இல்லை. அதன் இடத்தில் பேச்சில் உள்ளது ‘புரியட்டும்’ என்பது. ‘அவன் வரட்டும், பார்க்கலாம்’ என்னும்போது நாம் அனுமதி கொடுக்கும் அதே சொல்! இறைவனுக்கு முன் அச்சொல் நம் நாவில் தயங்கி நிற்கிறது. எவரும் கற்பிக்காமலே எழுத்தறியாத நம் பாட்டிமார்களும் துஆவில் ‘ஆக்குவானாக’ என்றே சொல்லி வந்தனர். முறைமை வேண்டிய இடத்தில் எழுத்து வழக்கிற்கு மாறுவது படித்தவர்கள் திணித்த வழக்கமன்று.

பேச்சுத் தமிழ் பேருரைக்குப் பொருந்தாமைக்கு வேறு காரணமும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் பேச்சுத் தமிழுக்கு இறங்கியவுடன், அவர் அறியாமலே அவருடைய இடம் மாறிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரபுக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் நாம் அமர்ந்திருந்தோம். வந்திருந்த அரபு அறிஞர் வாரிசுரிமை பற்றிப் பேசினார். தந்தையின் சொத்தில் சகோதரிகளுக்கு உள்ள பங்கு, சகோதரன் தரும் அன்பளிப்பு அல்ல, அவன் திருப்பித் தரவேண்டிய உரிமை என்பது அவர் சொன்னதன் சாரம். ‘யஜிபு அலைக்கும்’ – உங்கள் மீது கடமை – என்று முன்னிலையில், நேருக்கு நேராகச் சொன்னார். மொழிபெயர்த்த இளைஞர் நல்ல ஆலிம். அவர் சொன்னது ஏறத்தாழ இப்படி இருந்தது:

“ஷேக் என்ன சொல்றாங்கன்னா, வாப்பா மவுத்தான பொறவு சொத்துல சகோதரிகளுக்கு உள்ள பங்கக் குடுத்துடணும். அது நாம குடுக்குற அன்பளிப்பு இல்ல, அவங்க ஹக்குன்னு சொல்றாங்க.”

கேட்பதற்கு இனிமையாக இருந்தது, கருத்தும் விளங்கியது. குறை எங்கே என்று கேட்பீர்கள். ‘ஷேக் என்ன சொல்றாங்கன்னா’ என்னும் தொடக்கத்தைக் கவனியுங்கள். அறிஞர் சபையோரை நோக்கி ‘உங்கள் மீது’ என்றார். மொழிபெயர்ப்பாளரோ, அறிஞர் சொன்னதைப் பற்றிச் சபையோருக்குத் தகவல் தருகிறார். ‘உங்கள்’ என்பது ‘நாம்’ ஆகிவிட்டது. சுட்டப்பட்ட விரல் மடங்கிவிட்டது. அடுத்து, ‘குடுத்துடணும்’ என்னும் சொல். நம் அன்றாடப் பேச்சில் ‘ணும்’ எத்தனை வேலைகளைச் செய்கிறது! ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்பது விருப்பம். ‘நேரத்துக்குச் சாப்பிடணும்’ என்பது அறிவுரை. ‘வரி கட்டணும்’ என்பது கட்டாயம். எது எது என்பதை நாம் குரலாலும் சூழலாலும் அறிகிறோம். ஒலிபெருக்கி வழியே, இன்னொருவர் குரலில் வரும் ‘குடுத்துடணும்’ எளிதில் அறிவுரையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சாய்ந்ததை நாம் மறுநாளே கண்டோம். உரையைக் கேட்டிருந்த முதியவர் ஒருவர் நம்மிடம், “ஹஜ்ரத், அந்த அரபி கூட, தங்கச்சிங்களுக்குக் குடுத்தா நல்லதுன்னுதானே சொன்னாரு?” என்றார். அவருக்குத் தங்கைகள் இருவர். வீடு இன்னும் பாகம் பிரியாமல் கிடக்கிறது. ‘கடமை’ என்று அரபியில் மேடை ஏறிய சொல், ‘நல்லது’ என்று தமிழில் கீழே இறங்கியிருந்தது. பேச்சுத் தமிழில் ‘குடுத்தே ஆகணும்’ என்று அழுத்தமாகச் சொல்ல வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் உரையாடும் ஒருவர் இயல்பாகவே அழுத்தத்தைத் தணித்துப் பேசுகிறார்; அது உறவாடுவதற்கான மொழி.

இதைக் கேட்டு மறு கரைக்குத் தாவிவிடுவதும் தீர்வன்று. அதே வாக்கியத்தை நம் மூத்த தலைமுறை மேடைப் பேச்சாளர் ஒருவர் மொழிபெயர்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்:

“தந்தையாரின் மறைவிற்குப் பின்னர் எஞ்சியிருக்கின்ற சொத்துக்களில் உடன்பிறந்த சகோதரிகளுக்கென மார்க்கத்தால் நிர்ணயிக்கப்பட்டிருக்கின்ற பங்கானது, சகோதரர்களால் மனமுவந்து அளிக்கப்படுகின்ற அன்பளிப்பாகக் கருதப்படாமல், அவர்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட வேண்டிய உரிமையாகவே கருதப்படல் வேண்டும்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பந்தலின் கடைசி வரிசையில் இருப்பவர் இதை எப்படிக் கேட்பார்? தமிழில் வினை வாக்கியத்தின் முடிவில் வருகிறது. ‘வேண்டும்’ என்னும் சொல் வரும்வரை இவ்வாக்கியம் ஏவுகிறதா, விலக்குகிறதா, வெறுமனே செய்தி சொல்கிறதா என்று கேட்பவருக்குத் தெரியாது. அதுவரை வந்த இருபதுக்கு மேற்பட்ட சொற்களையும் அவர் கையில் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். படிப்பவராக இருந்தால் கண்ணை மேலே ஓட்டித் திரும்பப் படிக்கலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ‘அவர்களிடம்’ என்பது யாரிடம்? கடைசியாகச் சொல்லப்பட்டவர்கள் சகோதரர்கள். ஆக, காதால் கேட்பவர் சகோதரிகளின் பங்கைச் சகோதரர்களிடமே ஒப்படைத்துவிட்டுப் போகவும் இடமுண்டு. இவையெல்லாம் போக, ‘நிர்ணயிக்கப்பட்டிருக்கின்ற’, ‘அளிக்கப்படுகின்ற’, ‘கருதப்படல்’ என்று செயப்பாட்டு வினைகள் வரிசையாக நிற்கின்றன. அரபியில் ‘மஜ்ஹூல்’ வடிவம் வாக்கியத்தில் இலேசாக வந்து போகும். உயிர்க்குறிகள் மாறினால் போதும். தமிழில் அதற்கு ஈடாக ‘படு’ என்பதை ஒட்டும்போது ஒவ்வொரு சொல்லும் ஓர் அசை, இரண்டு அசை நீள்கிறது. யார் யாருக்குக் கொடுப்பது என்பது மறைந்துபோகிறது. கடமையைச் சுமக்க வேண்டியவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுகிறார்.

இங்கேதான் நாம் வலியுறுத்த விரும்பும் வேறுபாடு இருக்கிறது. ‘எழுத்துத் தமிழ்’ என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதில் மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று, சொல்லின் வடிவம்: ‘வந்தாங்க’ என்னாமல் ‘வந்தார்கள்’ என்பது. மற்றொன்று, சொல்லின் தேர்வு: ‘கொடு’ என்னாமல் ‘அளி’, ‘வழங்கு’, ‘ஈந்தருள்’ என்பது. இன்னொன்று, வாக்கியத்தின் கட்டு: எச்சத்தின் மேல் எச்சத்தை அடுக்கி முடிவில் ஒரே வினையால் மூடுவது. கேட்பவர்களை விரட்டுவது முதலாவது அன்று. ‘வந்தார்கள்’ என்பது புரியாத தமிழர் எவரும் இல்லை. செய்தி வாசிப்பில் அன்றாடம் கேட்கிறார்கள். விரட்டுபவை மற்ற இரண்டும். எனவே பேருரையின் மொழிபெயர்ப்பில் சொல்லின் வடிவம் எழுத்து வழக்காக இருக்கட்டும். சொல்லும் வாக்கியமும் பேச்சிலிருந்து வரட்டும். மேற்கண்ட வாக்கியத்தை நாம் இப்படிச் சொல்வோம்:

“உங்கள் தந்தை விட்டுச் சென்ற சொத்தில் உங்கள் சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு நீங்கள் கொடுக்கும் அன்பளிப்பு அல்ல. அது அவர்களுடைய உரிமை. அதை அவர்களிடம் கொடுப்பது உங்கள் மீது கடமை.”

ஒரு வாக்கியம் நான்காகிவிட்டது. ஒவ்வொன்றும் பத்துச் சொற்களுக்குள் முடிகிறது. ‘எஞ்சியிருக்கின்ற’ போய் ‘விட்டுச் சென்ற’ வந்தது. ‘உங்கள்’ என்னும் முன்னிலை திரும்பி வந்தது. கடமை கடமையாகவே நிற்கிறது. ஆயினும் ‘குடுத்துடணும்’ என்பதன் தளர்வும் இல்லை. அரபு மூலத்தில் ஒரே வாக்கியமாக இருந்ததை உடைக்கலாமா என்று சிலர் தயங்குவர். அரபியில் ‘வ’ என்னும் இணைப்பெழுத்து எத்தனை வாக்கியங்களையும் கோத்துச் செல்லும். ஒவ்வொரு ‘வ’வும் மூச்சு விடும் இடம்தான். அங்கே முற்றுப்புள்ளி வைப்பது உடைப்பதாகாது. அன்றியும் அரபியில் வினை பெரும்பாலும் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே மொழிபெயர்ப்பவர் நீண்ட தமிழ் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டால், அந்த வினையை வாயில் அடக்கிக்கொண்டு முடிவு வரை ஓட வேண்டும். அதற்குள் பேச்சாளர் இரண்டு வாக்கியங்கள் முன்னே போயிருப்பார். குறுவாக்கியமே இங்கே அவருக்குப் புகலிடம்.

இந்தக் குறுவாக்கிய முறை நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் அரஃபாவில் நிகழ்த்திய இறுதிப் பேருரையைப் பெருங்கூட்டத்திற்கு எட்டச் செய்ய, ரபீஆ இப்னு உமைய்யா என்பவர் உரத்த குரலில் அதை எடுத்துச் சொன்னதாக இப்னு இஸ்ஹாக்கின் வரலாறு தெரிவிக்கிறது. நபியவர்கள் ஒன்றைச் சொல்லச் சொல்வார்கள். அவர் அதை உரக்கச் சொல்வார். இடையில் ஒருவர் நின்று வாங்கிக் கொடுக்கத்தக்க அளவில் அந்த உரை துண்டு துண்டாக அமைந்திருந்தது. ‘மக்களே’ என்னும் விளி திரும்பத் திரும்ப வந்தது. கேள்விகள் கேட்கப்பட்டன, மக்கள் விடை சொன்னார்கள். மொழியோ குறைஷியரின் உயர்ந்த அரபு. முறைமையும் எளிமையும் ஒன்றாக நிற்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்றை நாம் தேடுவதில்லை. அந்த உரையைத் தமிழில் தரும் பல வெளியீடுகளில் விளிகள் சுருக்கப்பட்டு, கேள்விகள் செய்தி வாக்கியங்களாக்கப்பட்டு, முழுதும் ஒரு கட்டுரையைப் போல ஓடுவதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது. பேச்சு அங்கே இல்லை.

எழுத்து வழக்கிலும் சில கண்ணிகள் உண்டு; அவற்றைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும். மேலே நாம் ‘அன்பளிப்பு அல்ல’ என்று எழுதினோம். இலக்கண முறைப்படி ஒருமைக்கு ‘அன்று’ என்பதே சரி, ‘அல்ல’ பன்மைக்கு உரியது. தமிழாசிரியர்கள் திருத்துவார்கள், இந்தக் கட்டுரையிலேயே பிற இடங்களில் ‘அன்று’ என்றுதான் எழுதியிருக்கிறோம். ஆனால் ஒலிபெருக்கியில் ‘நீங்கள் கொடுக்கும் அன்பளிப்பு அன்று’ என்று கேட்டால், ‘அந்த நாளில்’ என்று ஒரு கணம் பொருள் கொள்ளத் தோன்றுகிறது. அந்த ஒரு கணத்தில் அடுத்த வாக்கியம் போய்விடும். ஆகவே கேட்பதற்கான மொழிபெயர்ப்பில் ‘அல்ல’ என்பதையே நாம் கொள்கிறோம். அச்சிடும்போது ‘அன்று’ என்று திருத்திக்கொள்ளலாம்.

மரியாதைப் பன்மையும் ஒரு சிக்கல். அல்லாஹ்வைக் குறிக்கும்போது ‘கூறுகிறான்’ என்கிறோம்; நபிமார்களைக் குறிக்கும்போது ‘கூறினார்கள்’ என்கிறோம்; மற்றவரைக் ‘கூறினார்’ என்கிறோம். எழுத்து வழக்கில் இந்த மூன்று படிகளும் தெளிவாக நிற்கின்றன. பேச்சு வழக்கிலோ மதிப்பிற்குரிய ஒருவரும் ‘சொன்னாங்க’, ஒரு கூட்டமும் ‘சொன்னாங்க’. எனினும் எழுத்து வழக்கும் நம்மை முழுதாகக் காப்பதில்லை. ‘மக்கள் கேட்டார்கள், கூறினார்கள், அழுதார்கள்’ என்று ஓடும்போது நடுவில் உள்ள ‘கூறினார்கள்’ நபியவர்களுடையதா, மக்களுடையதா? அரபியில் ‘கால’ என்னும் ஒருமையும் ‘காலூ’ என்னும் பன்மையும் இதைப் பிரித்துவிடுகின்றன. தமிழில் நமது மரியாதையே அந்தப் பிரிவை அழிக்கிறது. இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு முறையும் எழுவாயைத் திரும்பச் சொல்வது. ‘நபியவர்கள் கூறினார்கள்’, ‘மக்கள் அழுதார்கள்’. எழுதும்போது இது கூறியது கூறல் போலத் தோன்றும். கேட்பவருக்கு அது கைப்பிடிச் சுவர்.

சொல் தேர்வில் நாம் அரபுச் சொற்களைப் பற்றியும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இதில் பேறு பெற்றவர்கள். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்று வணக்கத்தின் அடிப்படைச் சொற்களே நமக்குத் தமிழாக இருக்கின்றன. ‘உரிமை’, ‘கடமை’ ஆகியவையும் எல்லார் வாயிலும் வழங்குகின்றன. ‘ஹக்கு’ என்பது ஒரு சில ஊர்களில்தான் வழங்குகிறது. அதனால் ‘உரிமை’ என்றே சொல்லலாம். ‘தக்வா’ என்பதை அரபியிலேயே வைத்து, முதல் முறை மட்டும் ‘தக்வா எனும் இறையச்சம்’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். ஒவ்வொரு முறையும் இரண்டையும் சொல்பவர்கள் நேரத்தைத்தான் வீணாக்குகிறார்கள்.

அடுக்குமொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் மேடை எதுகை மோனைக்குப் பழகிய மேடை. மொழிபெயர்ப்பாளர் நாவில் அது தானாகவே ஏறி அமர்ந்துகொள்ளும். அரபு உரையின் தொடக்கப் புகழுரையில் ‘ஸஜ்உ’ எனப்படும் ஓசை நயம் இருக்குமாயின், அந்த இடத்தில் தமிழும் சற்று ஓசையோடு நடக்கலாம். அறிஞர் எளிமையாகச் சொன்ன சட்ட வாக்கியத்திற்கு எதுகை பூட்டுவது அவர் சொல்லாததைச் சேர்ப்பதாகும். கைத்தட்டல் கிடைக்கும் இடங்களில் மொழிபெயர்ப்பாளர் தம்மைத் தாமே ஐயுற வேண்டும்; பெரும்பாலும் அது அவருக்குக் கிடைத்த கைத்தட்டலாக இருக்கும்.

நம் மாணவர்களுக்கு நாம் வைக்கும் தேர்வு எளியது. ஐந்து நிமிட அரபு உரையை மொழிபெயர்க்கச் சொல்கிறோம். வகுப்பில் அரபு தெரியாத ஒருவர் – பெரும்பாலும் சமையலறையில் பணிபுரியும் பெரியவர் – அமர்ந்து கேட்கிறார். முடிந்ததும் அவர் கேட்டதைத் தம் பேச்சுத் தமிழில் திரும்பச் சொல்ல வேண்டும். யார் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது சரியாக வந்துவிட்டால் மாணவர் தேறினார். ‘நல்லாப் பேசுனாரு, ஆனா என்ன சொன்னாருன்னு...’ என்று அவர் இழுத்தால், வாக்கியம் நீண்டுவிட்டது என்று பொருள். ‘அப்படிச் செஞ்சா நல்லதாம்’ என்று கடமை அறிவுரையாகத் திரும்பி வந்தால், வழக்கு கீழே இறங்கிவிட்டது என்று பொருள். சென்ற மாதம் ஒரு மாணவருடைய மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு அந்தப் பெரியவர், “தம்பி, ‘உங்கள் மீது கடமை’ன்னு நீங்க சொன்னப்போ என்னைப் பாத்து சொன்ன மாதிரி இருந்துச்சு” என்றார். அம்மாணவருக்கு முழு மதிப்பெண் வழங்கினோம்.